வெளுத்த சிவப்புக்கு விலை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்றொரு ஊர். அங்கே கிப்சன் நிறுவனத்தின் தொழிற்சாலையில் 1958 முதல் 1960 வரை ‘லெஸ் பால் ஸ்டாண்டர்ட்’ என்ற மின்கிடார் ஒன்றைச் செய்தார்கள். அப்போது அதன் விலை 300 டாலருக்கும் குறைவு. அந்த விலைக்கும் போதுமான பேர் வாங்கவில்லை. மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 1,500 முதல் 1,700 கிடார்கள் வெளிவந்தன. அதன்பின் அந்த வடிவத்தையே நிறுத்திவிட்டு வேறொன்றுக்கு மாறிவிட்டார்கள். இன்று அவற்றில் 1959இல் செய்த ஒன்று, எந்தப் பாகமும் மாறாமல் கிடைத்தால், சில லட்சம் டாலருக்கு விற்கிறது.

ராக் இசை கேட்பவர்களுக்கு இதன் கதை ஓரளவு தெரிந்திருக்கும். 1966இல் ஜான் மாயலின் ‘புளூஸ் பிரேக்கர்ஸ்’ இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் இந்தக் கிடாரை வாசித்தார். மைக் புளூம்ஃபீல்ட், பீட்டர் கிரீன், ஜிம்மி பேஜ் என்று அடுத்தடுத்து எல்லோரும் இதைத் தேடிப் போனார்கள். கிராக்கி கூடியதைப் பார்த்து 1968இல் கிப்சன் லெஸ் பாலை மறுபடி செய்யத் தொடங்கியது. ஆனால் வாசிப்பவர்கள் கேட்டது பழையதைத்தான். கிடைப்பது குறைவு, கேட்பவர் அதிகம், ஆகவே விலை கூடியது. இதுவரை புரிந்துகொள்வது எளிது.

புரியாதது அடுத்ததுதான். ஒரே ஆண்டில், ஒரே மரத்தில், ஒரே கூடத்தில் செய்த இரண்டு கிடார்களை அருகருகே வைத்தால், ஒன்றின் விலை மற்றதில் பாதிகூட இல்லாமல் போவது உண்டு. வாசித்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. விலை குறைந்த கிடாருக்கு யாரோ ஒருவர் 1970களில் புதிதாக வண்ணம் பூசியிருப்பார், அல்லது அதன் தலைப்பகுதி ஒருமுறை உடைந்து ஒட்டப்பட்டிருக்கும். கிடாரின் தொழிலே ஒலிப்பது என்றால், இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

வண்ணத்திலிருந்தே தொடங்கலாம். இந்தக் கிடார்களைச் சேகரிப்பவர்கள் ‘பர்ஸ்ட்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1957 வரை லெஸ் பால் ஸ்டாண்டர்டின் மேற்பரப்பு பொன்னிறத்தில் இருந்தது. 1958இல் கிப்சன் அதை மாற்றி, நடுவில் மஞ்சளும் விளிம்பை நோக்கிச் சிவப்புமாகப் பரவும் ‘சன்பர்ஸ்ட்’ பூச்சைக் கொண்டுவந்தது. பொன்னிறப் பூச்சு அடியிலிருந்த மேப்பிள் மரத்தை மறைத்தது. புதிய பூச்சு கண்ணாடிபோல் இருந்ததால் மரத்தின் வரிகள் வெளியே தெரிந்தன. சில பலகைகளில் அந்த வரிகள் தீச்சுவாலை அசைவது போன்று இருக்கும், சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. வரி அழகாக விழுந்த கிடாருக்கு இன்று தனி விலை உண்டு. அந்த வரி கைரேகைக்கும் உதவுகிறது. எந்த இரண்டு பலகைக்கும் ஒரே வரி விழாது என்பதால், அறுபதுகளின் கச்சேரிப் படங்களில் தெரியும் வரிகளை ஒப்பிட்டு, ‘அன்று மேடையில் இருந்தது இதே கிடார்தான்’ என்று சொல்ல முடிகிறது.

அந்தச் சிவப்புச் சாயத்தில் ஒரு குறை இருந்தது. வெயில் பட்டால் அது வெளுத்துவிடும். கடை முகப்பில் கண்ணாடிக்குப் பின்னால் சில மாதங்கள் தொங்கிய கிடாரில் சிவப்பு மங்கித் தேன்நிறமாகும், தேநீர் நிறமாகும், சிலவற்றில் முழுதும் போய் எலுமிச்சை மஞ்சள் மட்டும் மிஞ்சும். பெட்டிக்குள்ளேயே கிடந்தது செக்கச்சிவந்தே இருக்கும். 1960இல் கிப்சன் வெளுக்காத சாயத்துக்கு மாறியது. அந்த ஆண்டின் பிற்பகுதிக் கிடார்களில் சிவப்பு இன்றும் தக்காளி நிறத்தில் பளிச்சென்று நிற்கிறது. தொழிற்சாலை அன்று திருத்திக்கொண்ட அந்தக் குறைதான் இன்று பெரும் மதிப்பாகியிருக்கிறது. ஒவ்வொரு கிடாரும் தான் கண்ட வெயிலுக்கு ஏற்ப வெவ்வேறு நிறத்தில் வெளுத்திருப்பதால், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.

வெளுப்பு ஒரு சான்றும்கூட. பிக்கப்பைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தையும், விரல் படாமல் காக்கும் தகட்டையும் கழற்றினால், அடியில் வெயில் படாத இடத்தில் பழைய அடர்நிறம் அப்படியே தெரிய வேண்டும். வெளியே தேன்நிறம், சட்டத்துக்கு அடியிலும் அதே தேன்நிறம் என்றால், அந்த வண்ணம் காலத்தால் வந்ததா, தூரிகைக்காரரின் கையால் வந்ததா என்ற சந்தேகம் எழுகிறது.

பூச்சின் மூலப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். குளிரிலும் வெப்பத்திலும் மரமும் லாக்கரும் ஒரே அளவில் சுருங்கி விரிவதில்லை. அதனால் வருடங்கள் போகப்போக மேற்பரப்பில் நுண்ணிய விரிசல்கள் ஓடும். புதிய கிடாரைப் பழையதாகக் காட்ட நினைப்பவர் இதையும் செய்வார். சவரக் கத்தியால் கீறுவார், அல்லது குளிரூட்டித் தெளிப்பானைப் பயன்படுத்துவார். கத்திக் கீறல்கள் ஒரே ஆழத்தில், நேராக, விளிம்பு கூராக இருக்கும். பழைய விரிசல் அப்படி ஒழுங்காக ஓடாது. புற ஊதா விளக்கை இருட்டறையில் காட்டினால், வயதான லாக்கர் வெளிறிய பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பின்னால் பூசிய இடம் அப்படி ஒளிராமல் கருத்துத் திட்டாகத் தெரியும். கழுத்தும் தலைப்பகுதியும் சேரும் இடத்தில் இப்படியொரு திட்டு தெரிந்தால், அடியில் உடைந்து ஒட்டிய கோடு இருக்கக்கூடும்.

அந்த இடம் ஏன் அடிக்கடி உடைகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிப்சன் கழுத்தை ஒரே மகாகனிக் கட்டையிலிருந்து செதுக்கியது. தலைப்பகுதி 17 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். சாய்வதால் மரத்தின் இழை அந்த இடத்தில் குறுக்கே அறுபடுகிறது. போதாக்குறைக்கு, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைச் சரிசெய்வதற்காக அதே இடத்தில் ஒரு பள்ளமும் தோண்டியிருப்பார்கள். சாய்த்து வைத்த கிடார் தரையில் சரிந்தால் போதும். ஒட்டினால் நன்றாகவே ஒட்டிக்கொள்ளும், வாசிப்பில் குறையிருக்காது. ஆனாலும் விலை பாதியாகிவிடும்.

அடுத்தது வரிசை எண். பலர் முதலில் பார்ப்பதும் இதைத்தான், அளவுக்கு மீறி நம்புவதும் இதைத்தான். 1953 முதல் 1961இன் தொடக்கம் வரை கிப்சன் தன் திடமரக் கிடார்களின் தலைப்பகுதிப் பின்புறத்தில் எண்ணை மையால் அச்சிட்டது. முதல் இலக்கம் ஆண்டைக் குறிக்கும். 8 என்றால் 1958, 9 என்றால் 1959, 0 என்றால் 1960. சிறிது இடைவெளி விட்டு மற்ற இலக்கங்கள் வரும். மரத்தில் அழுத்திப் பதிக்காமல் வெறும் மையாக இருப்பதால், தலைப்பகுதியைத் தேய்த்து மறுபடி பூச்சுப் பூசினால் எண்ணும் போய்விடும். போன எண்ணை யாரோ மறுபடி அச்சிடலாம். அதில் எழுத்தின் வடிவமோ, மையின் கறுப்போ, இலக்கங்களின் இடைவெளியோ சற்று மாறியிருக்கும். அனுபவசாலிகள் ஒன்றோடு ஒன்றை வைத்து ஒப்பிடுவது இதற்காகத்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. கிப்சன் பின்னாளில் அதே 1959 மாதிரியைப் புதிதாகச் செய்து விற்றபோது, எண்ணையும் அதே 9 தொடங்கும் முறையில் மையாலேயே அச்சிட்டது. ஆகவே எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இது 1959 என்று முடிவுகட்ட முடியாது.

போட்டி நிறுவனமான ஃபெண்டரில் எண் இன்னும் பலவீனமான சான்று. ஐம்பதுகளின் பிற்பாதியிலும் அறுபதுகளிலும் அவர்கள் எண்ணைக் கழுத்தின் பின்னாலிருக்கும் உலோகத் தகட்டில் பொறித்தார்கள். தகடுகளை ஒரு பெட்டியில் கொட்டிவைத்து, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டினார்கள். வரிசைக்கும் தேதிக்கும் இறுக்கமான தொடர்பில்லை. நான்கு திருகைக் கழற்றினால் தகடு வேறொரு கிடாருக்குப் போய்விடும். அதனால் ஃபெண்டர் வாங்குபவர்கள் கழுத்தைக் கழற்றி, அதன் அடியில் பென்சிலாலோ முத்திரையாலோ இட்ட தேதியைப் பார்க்கிறார்கள்.

இப்போது ஒரு கிடார் விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டு, தெரிந்தவர் ஒருவர் அதை எப்படிப் பார்ப்பார் என்று பின்தொடர்வோம். எண் 9இல் தொடங்குகிறது. மேற்பரப்பு தேன்நிறம். விற்பவர் “எல்லாமே அசல்” என்கிறார். மாறாத கிடாராக இருந்தால் 3 லட்சம் டாலர் தகும் என்று கணக்கின் வசதிக்காக எடுத்துக்கொள்வோம்.

முதலில் தலைப்பகுதி. கம்பிகளை இறுக்கும் டியூனர்கள் ‘குளூசன்’ வகையாக இருக்க வேண்டும். பச்சை சாயல் கொண்ட அவற்றின் பிளாஸ்டிக் குமிழ்கள் வயதானால் சுருங்கி நொறுங்கும். அதனாலேயே எழுபதுகளில் பலர் அவற்றைக் கழற்றிவிட்டு ‘குரோவர்’ டியூனர்களைப் போட்டார்கள். குரோவருக்குப் பெரிய துளை வேண்டும். பின்னால் குளூசனைத் திரும்பப் பொருத்தினாலும் துளை சுருங்காது, உள்ளே ஒரு வளையம் வைத்துத்தான் பொருத்த முடியும். நம் கிடாரில் குளூசன்தான் இருக்கிறது, ஆனால் அடியில் பெரிய துளையின் தடம் தெரிகிறது. விலையில் சிறு குறைவு, அவ்வளவுதான்.

அடுத்து உடலின் முகம். கம்பிகள் முடியும் இடத்தில் அலுமினியத் துண்டு ஒன்று இருக்கும். அறுபதுகளில் பலர் அதை எடுத்துவிட்டு, ஒலியை நடுங்கவைக்கும் ‘பிக்ஸ்பி’ கைப்பிடியைப் பொருத்தினார்கள். நிறையக் கிடார்களின் முகத்தில் அதன் திருகுத் துளைகள் அடைக்கப்பட்டுக் கிடக்கின்றன. அடைத்தது நேர்த்தியாக இருந்தாலும் புற ஊதா ஒளியில் தெரிந்துவிடும். நம் கிடாரில் அப்படி எதுவும் இல்லை.

பிறகு பின்பக்க மூடியைத் திறப்பார். உள்ளே ஒலியளவையும் தொனியையும் கூட்டிக் குறைக்கும் நான்கு பொட்டென்ஷியோமீட்டர்கள். ஒவ்வொன்றின் உலோக முதுகிலும் ஓர் எண் பொறித்திருக்கும். முதல் மூன்று இலக்கம் செய்த நிறுவனத்துக்கு உரியது. இந்தக் கிடார்களில் எதிர்பார்ப்பது 134, அதாவது சென்ட்ராலேப். மிச்ச இலக்கங்கள் எந்த ஆண்டின் எத்தனையாவது வாரத்தில் செய்தது என்று சொல்லும். தொழிற்சாலை இவற்றை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டதால், எண் கிடாரைவிடச் சில மாதங்கள் முந்தியிருக்கலாம். பிந்தியிருக்கக் கூடாது. நம் கிடாரில் மூன்று 1958ஐக் காட்டுகின்றன, நான்காவது 1973 என்கிறது. யாரோ ஒருவர் கெட்டுப்போனதை மாற்றியிருக்கிறார். அந்தப் பாகத்தின் விலை அற்பம். ஆனால் அதை மாற்ற வேண்டுமென்றால் பழைய ஈயப் பற்றுகளை உருக்கியிருக்க வேண்டும். ஒருமுறை உருக்கியவர் வேறு எதைத் தொட்டார் என்ற கேள்வி உடனே எழுகிறது.

அந்தக் கேள்வி நேராகப் பிக்கப்புகளுக்குப் போகிறது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் இந்தச் சிறு பெட்டிகள்தான் இந்தக் கிடாரின் உயிர். கிப்சன் பொறியாளர் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, இரைச்சல் ஒழிந்த பிக்கப்பை உருவாக்கினார். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது, 1959இல்தான் கிடைத்தது. இடைக்காலத்தில் அடிப்பகுதியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட சிறு கறுப்பு வில்லையை ஒட்டினார்கள். அதன் முதலெழுத்துகளே இன்று பெயராகிவிட்டன: பி.ஏ.எஃப். உரிமை கிடைத்த பின்பும் சில ஆண்டுகள் அதே வில்லை தொடர்ந்தது. பிறகு எண்ணோடு வந்த வில்லையில் அச்சானது இந்தப் பிக்கப்பின் எண்ணே இல்லை. லெஸ் பால் முன்பு வாங்கியிருந்த, கம்பி கட்டும் பாகத்துக்கான காப்புரிமை எண் அது.

பி.ஏ.எஃப். ஜோடி ஒன்று தனியாகவே பல ஆயிரம் டாலருக்குப் போகும். அதனால் திருட்டும் மாற்றமும் இங்கேதான் அதிகம். அக்காலத்து ஜாஸ் கிடார்களிலும் இதே பிக்கப் இருந்தது. அங்கிருந்து எடுத்து இங்கே போட்டால் வில்லை உண்மையானதாகவே இருக்கும். போலி வில்லைகளும் கிடைக்கின்றன. உள்ளே சுருள் சுற்றிய பிளாஸ்டிக் சட்டம் பெரும்பாலும் கறுப்பு. 1959 வாக்கில் சில காலம் வெள்ளை கலந்த நிறத்தில் வந்தது. இரண்டு சட்டமும் வெள்ளையாக உள்ளதற்கு ஒலியில் எந்தச் சிறப்பும் இல்லை, விலையில் உண்டு. அது என்ன நிறம் என்று பார்க்க வேண்டுமானால் மேலிருக்கும் உலோக மூடியைக் கழற்ற வேண்டும். மூடியோ இரண்டு இடத்தில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டது. 1958இல் தொழிற்சாலைப் பெண்களும் ஆண்களும் வைத்த அந்தப் பற்று உடையாமல் இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. ஆக, உள்ளே என்ன என்று பார்த்தால் பார்த்ததாலேயே மதிப்புக் குறையும். ஒரேயொரு திருகை மட்டும் கழற்றி, அந்தத் துளை வழியே எட்டிப் பார்த்துத் திருப்திப்படுபவர்கள் உண்டு. நம் கிடாரில் மூடிகளின் பற்று கலையவில்லை. வில்லைகளும் பொருந்துகின்றன.

கடைசியாகப் பூச்சு. சட்டத்துக்கு அடியில் சிவப்பு அடர்த்தியாகவே இருக்கிறது. புற ஊதா ஒளியில் முன்பக்கம் முழுதும் ஒரே சீராக ஒளிர்கிறது. கழுத்தின் மேல்பகுதியில் மட்டும் கருந்திட்டு. அழுத்திப் பார்க்கும்போது நகத்தில் தட்டுகிற மெல்லிய கோடு. தலை உடைந்து ஒட்டப்பட்டிருக்கிறது. எண் அதே பரப்பில் இருப்பதால், அதன் ஒரு பகுதி மறுபூச்சின் அடியில் மங்கியிருக்கிறது.

வியாபாரிகள் கைவசம் வைத்திருக்கும் தோராயக் கணக்கில், உடைந்த தலை பாதி விலையைத் தின்னும். மறுபூச்சு தனியாக வந்திருந்தால் அதுவும் ஏறக்குறைய பாதி. இரண்டும் சேர்ந்தால் மூன்றிலொன்றோ நான்கிலொன்றோ மிஞ்சும். நம் கிடாரில் உடைப்பு மட்டும்தான், ஆகவே ஒன்றரை லட்சம். டியூனர் துளைக்கும் ஒரு பொட்டென்ஷியோமீட்டருக்கும் இன்னும் சில ஆயிரம் கழியும். விற்பவர் சொன்ன “எல்லாமே அசல்” பொய்யென்று தெரிந்துவிட்டதால், பேரத்தில் அதற்கு மேலும் இறங்க வேண்டியிருக்கும்.

இங்கே என்ன நடந்தது என்று கவனித்தால் விலையின் அடிப்படை புலப்படும். பாகங்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. எண்ணுக்குப் பொட்டென்ஷியோமீட்டர் சாட்சி, அதற்கு ஈயப் பற்று சாட்சி, பூச்சுக்கு அடியிலிருக்கும் நிழல் சாட்சி. நிலம் வாங்கும்போது மூலப்பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வரை ஒரு கண்ணிகூட அறாமல் இருக்கிறதா என்று நாம் பார்ப்பது போன்றதே இது. அதில் ஒன்று விடுபட்டால் மண்ணின் வளம் குறைவதில்லை, நம்பிக்கை குறைகிறது. சேகரிப்பவர் கொடுக்கும் லட்சங்களில் பெரும்பகுதி அந்த நம்பிக்கைக்கான விலை.

விலை மரத்துக்கோ ஒலிக்கோ இல்லை என்பதற்கு இன்னொரு தெளிவான ஆதாரம் உண்டு. 1952 முதல் 1957 வரை வந்த பொன்னிற லெஸ் பால்களும் அதே தொழிற்சாலையில், அதே மகாகனியிலும் மேப்பிளிலும் செய்தவை. அவற்றில் சிலவற்றின் பொன்னிறத்தைச் சுரண்டிவிட்டு, பி.ஏ.எஃப். பொருத்தி, சன்பர்ஸ்ட் பூசி மாற்றுகிறார்கள். தரமான கைவினைஞர் செய்தால் கண்ணுக்கும் காதுக்கும் 1959தான். விலையில் அருகே வராது. மறைக்காமல் இதை மாற்றிய கிடார் என்று சொல்லி விற்பது நேர்மையான தொழில். சொல்லாமல் விட்டால் அது மோசடி.

இந்த விதிக்கு ஒரே விலக்கு, கிடார் யார் கையில் இருந்தது என்பது. ஜெஃப் பெக் 1972இல் மெம்ஃபிஸில் வாங்கிய லெஸ் பால் 1954இன் பொன்னிறக் கிடார். அவர் கைக்கு வரும் முன்பே அதன் நிறத்தை மாற்றி, பிக்கப்பையும் மாற்றியிருந்தார்கள். மேலே சொன்ன கணக்கின்படி அது பாதி விலைக் கிடார். 1975இல் வந்த ‘புளோ பை புளோ’ இசைத்தட்டின் அட்டையில் இருப்பது அதுதான். 2025 ஜனவரியில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 10 லட்சம் பவுண்டைத் தாண்டிப் போனது. அங்கே சான்று வேறு: பெக்கின் கையில் அந்தக் கிடார் எப்படி இருந்ததோ அதுவே அசல். இப்போது யாராவது அதைப் பொன்னிறத்துக்குத் திருப்பினால் பெரும் அழிவு.

இந்த முறை முழுக்க நியாயமானதென்று நான் நினைக்கவில்லை. கம்பித்தடுப்பான ஃப்ரெட் தேய்ந்துபோனால் மாற்றத்தான் வேண்டும், வாசித்துத் தேய்ந்த கருவிதான் அதன் வேலையைச் செய்திருக்கிறது. விலைக்குப் பயந்து பெட்டிக்குள்ளேயே பூட்டிவைக்கப்பட்ட பர்ஸ்டுகளை நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது. ஆனால் வாசிக்க விரும்புபவருக்கு இதே முறை ஒரு நன்மையும் செய்திருக்கிறது. உடைந்து ஒட்டியது, மறுபூச்சுப் பூசியது, பிக்ஸ்பி துளை விழுந்தது ஆகியவற்றைச் சந்தை ‘பிளேயர்ஸ் கிரேடு’ என்று ஒதுக்குவதால், அதே மரமும் அதே பிக்கப்பும் பாதி விலைக்கு வருகின்றன. மேடையில் வாசிப்பவர் அதைத்தான் வாங்க வேண்டும்.

பழைய கிடார் எந்த நிறுவனத்தினுடையதானாலும், உங்கள் கைக்கு வந்தால் முதல் மாதம் எதையும் செய்யாதீர்கள். பாலிஷ் போடாதீர்கள், புதுப்பூச்சுக்குக் கொடுக்காதீர்கள். எண், பாகங்கள், உட்பக்க ஈயப் பற்று எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். வாசிக்க வேண்டி ஏதாவது ஒன்றை மாற்றியே ஆக வேண்டுமென்றால், மரத்தில் புதிதாகத் துளையிட வேண்டியதில்லாத மாற்றமாகப் பார்த்துச் செய்யுங்கள். கழற்றிய திருகு, நொறுங்கிய குமிழ், கெட்டுப்போன பொட்டென்ஷியோமீட்டர் ஒவ்வொன்றையும் ஒரு உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.